மூன்றாம் வீட்டில் ஐந்து பேர்

என் ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டங்களில் ஏழு காலி. தனுசில் மட்டும் சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், சுக்கிரன் என்று ஐந்து பேர், ஞாயிற்றுக்கிழமை மூணாறு பஸ்ஸில் ஏறிய கூட்டம் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மார்கழிக் கடைசியில், அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, விடியுமுன் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த சீர் இது. முப்பது வயது வரைக்கும் அந்தக் கூட்டத்தை நான் சட்டை செய்ததே இல்லை. என் கல்யாணத்தை அது நிறுத்தப் பார்த்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

தேவிகுளம் தாலுகா ஆபீஸுக்கு எதிரே எனக்கு ஒரு கடை இருந்தது. கடை என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பெஞ்சு. எஸ்டேட் லயங்களின் வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குப் பேச்சு தமிழ், ஆபீஸ் கேட்பது மலையாளம். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது முதல் பென்ஷன் நின்றுபோனது வரை அவர்கள் சொல்லச் சொல்ல நான் மலையாளத்தில் அபேட்சை, அதாவது மனு, எழுதிக் கொடுப்பேன். தேவைப்பட்டால் கூடவே உள்ளே போய் சண்டையும் போடுவேன். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, அது எனக்குப் பிடித்த வேலை.

வடகரப்பதிக்காரர் அங்கேதான் வந்து சேர்ந்தார். வடகரப்பதி பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், மலையாள எல்லைக்குள் இருக்கிற தமிழ் ஊர். சொந்தத் தோட்டத்துத் தக்காளியை வேனில் ஏற்றி, உடுமலை, மறையூர் வழியாக மலைக் கடைகளுக்குக் கொண்டுவருபவர். ஒரு வளைவில் யாரோ வேனை உரசிவிட, ஸ்டேஷனில் கொடுக்க ஒரு புகார் எழுதித் தரச் சொல்லி வந்தார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். எந்தப் புகாரும் இல்லாத மனிதர் ஒவ்வொரு வாரமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

நாங்களே பார்த்து முடிவு செய்துவிட்டதால் ஜாதகம் கடைசியில்தான் போனது. அவருடைய அம்மா மலைக்கு வந்து என்னைப் பார்த்து, கன்னத்தை வழித்து, பூ வைக்க நாள் பேசிவிட்டுப் போனார். எனக்கு மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆகாது என்பார்கள். மாமனார் ஏற்கனவே காலமாகிவிட்டதால் அது பரவாயில்லையாம். இதுவும் ஒரு நியாயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. நாலோ அதற்கு மேலோ கிரகங்கள் ஒரே வீட்டில் சேர்ந்தால் சன்னியாச யோகம், அதிலும் தொழிலைக் காட்டும் பத்தாம் அதிபதி கூடவே இருந்தால் உறுதி, இந்தப் பெண் குடும்பத்தில் தங்கமாட்டாள் என்று அவர்கள் ஊர் ஜோசியர் சொல்லிவிட்டாராம். என் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆபீஸில் ஒரு மனு தள்ளுபடியானால் எந்தச் சட்டத்தில் தள்ளினீர்கள் என்று கேட்பவள் நான். என் ஜாதகத்துக்கு மட்டும் கேட்காமல் இருப்பேனா? பழைய ஜோதிட நூல்களின் தமிழ் உரைகளை வாங்கினேன். போனில் பஞ்சாங்க ஆப் போட்டு ஒவ்வொரு கிரகத்தின் பாகையையும் எழுதிக்கொண்டேன். ஒரு ராசிக்கு முப்பது பாகை. அதில் சூரியன் இருபத்தைந்தில், சுக்கிரன் இருபத்து நான்கில், செவ்வாய் இருபத்திரண்டில், புதன் கடைசிப் பாகையில். பஞ்சாங்கம் மாறினால் புதன் அடுத்த வீட்டுக்கே தாவிவிடுவார். அப்போதும் நாலு பேர் மிஞ்சுவார்கள், கூட்டம் கூட்டம்தான். சந்திரன் மட்டும் மூன்றாம் பாகையில், வாசற்படியில் நின்றார்.

பத்தாவது நாள் அந்த வரி கண்ணில் பட்டது. சூரியனுக்கு மிக அருகே போன கிரகம் அதன் ஒளியில் மறைந்துவிடும். அதற்கு அஸ்தங்கம் என்று பெயர். சன்னியாசம் தரவேண்டிய கிரகங்கள் அப்படி மறைந்திருந்தால் காவி கிடையாது, துறவின்மேல் ஒரு பற்று மட்டும் இருக்கும். செவ்வாய்க்குப் பதினேழு பாகை, புதனுக்குப் பதினான்கு, சுக்கிரனுக்குப் பத்து என்று எல்லை போட்டிருந்தார்கள். மூவருமே எல்லைக்குள் எரிந்துகொண்டிருந்தார்கள். நான் பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில், முதியோர் பென்ஷனுக்கு வந்திருந்த அக்கா பயந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். வடகரப்பதிக்காரருக்கு போன் போட்டு மூச்சு விடாமல் சொன்னேன். இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தேன். எனக்குத் துலாம் லக்னம். லக்னத்துக்கு அதிபதி சுக்கிரன், கணவனைக் காட்டும் ஏழாம் வீட்டுக்கு அதிபதி செவ்வாய். இருவரும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணம் நடக்காமல் எங்கே போகும்? அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதை அவருடைய அம்மாவிடமும் ஜோசியரிடமும் நானே வந்து சொன்னால்தான் எடுபடும் என்றார்.

பெண் வீட்டிலிருந்து பெண்ணே கிளம்பிப் போய் ஜோசியரிடம் வாதாடுவது எங்கள் லயத்தில் கேள்விப்படாத சங்கதி. அம்மா தலையில் அடித்துக்கொண்டே கூட வந்தாள். மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போனோம். எனக்குப் பயமில்லை. ஜெயிக்கப்போகும் மனுவைக் கையில் வைத்திருக்கிற சந்தோஷம்.

ஜோசியருக்கு மோட்டார் காயில் கட்டுவதுதான் முழுநேர வேலை. செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒரு மேஜையில் லேப்டாப்பில் என் கட்டத்தைத் திறந்து வைத்திருந்தார். வடகரப்பதிக்காரரும் அவருடைய அம்மாவும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றபடியே என் வாதத்தை எடுத்து வைத்தேன். ஜோசியர் பாகைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு, அஸ்தங்கத்தைத் தான் கணக்கில் எடுக்காமல் சொன்னது தவறு என்று அந்த அம்மாவிடம் நேராகவே ஒப்புக்கொண்டார். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது.

"யோகத்த உடைக்கறதுக்குத்தான வந்தீங்க? உடைஞ்சு போச்சுங்க," என்றார் என்னிடம். "செரி, அந்த அஞ்சு பேரும் அங்கயேதான இருக்கறாங்க. அவிகளுக்கு என்ன பதிலுங்க?"

கூட்டத்தை எப்படிக் கலைப்பது என்று மட்டுமே பத்து நாள் பார்த்திருந்தேன். அது எந்த வீட்டில் கூடியிருக்கிறது என்று ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

ஜோசியர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். துலாத்திலிருந்து தனுசு மூன்றாம் வீடு. கை, எழுத்து, காது, தகவல் சொல்வது, பக்கத்து ஊருக்கு அலைவது, துணிச்சல், உடன்பிறந்தவர்கள், எல்லாம் அந்த வீட்டுச் சமாசாரம். ஐந்து கிரகங்களும் ஆளுக்கொரு வீட்டுச் சாவியை வைத்திருப்பவர்கள். லக்னம், கணவன், பாக்கியம், லாபம், தொழில் என எல்லாச் சாவியும் அந்த ஒரே அறையில் கிடக்கிறது. அதனால் வாழ்க்கையில் எது வந்தாலும் அந்த அறை வழியாகத்தான் வரும். அந்த வீட்டுக்காரர் குருவோ லக்னத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அந்த வேலை எனக்கு வேலை மட்டுமில்லை, நானே அதுதான். கடைசியாக, சூரியனிடம் எரியாமல் தள்ளி நின்ற சந்திரன்தான் பத்தாம் அதிபதி. மற்றவர்கள் மங்கினாலும் தொழில் மங்காது. தம்பியின் பள்ளிக்கூடக் கடிதங்களில் அப்பாவுக்காக நான் கையெழுத்துப் போட்டதிலிருந்து, புகார் எழுதப் போய் மாப்பிள்ளை கிடைத்தது வரை எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. என்னை யாரோ பக்கம் விடாமல் படித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "அப்ப கடைய உட்டுப்போட்டு எங்கூட்டுக்கு வரமாட்டயா கண்ணு?"

கல்யாணத்துக்குப் பிறகு கடையை மூடிவிடுவதாக வடகரப்பதிக்காரரிடம் நான் எப்போதோ தலையாட்டியிருந்தேன். கல்யாணம் நடந்தால் போதும் என்ற அவசரத்தில் ஆட்டிய தலை அது. இப்போதும் ஆட்டினால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"உங்க வீட்டுக்கு வாரேன் அத்தை. இடத்த வேணா விடுவேன். இந்த வேலைய விடமாட்டேன்," என்றேன்.

வடகரப்பதிக்காரர் செப்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, கெடுத்துவிட்டாய் என்பது போல் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா மடியில் வைத்திருந்த பையைத் துழாவி, நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அது தபாலில் வந்து மூன்று வாரமாகிறதாம். பள்ளிக்கூடத்து டீச்சரிடம் காட்டலாம் என்று, மகனிடம்கூடச் சொல்லாமல், பையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறாராம். வீட்டில் அத்தனை பேருக்கும் தமிழ்தான்; மலையாளம் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. நல்லது கெட்டது எதுவும் தெரியாமல் அந்தக் காகிதத்தைச் சுமந்துகொண்டு என்னைப் பெண் பார்க்கவும் வந்து போயிருக்கிறார்.

வாங்கிப் படித்தேன். வில்லேஜ் ஆபீஸ் நோட்டீஸ். இறந்துபோன கணவர் பெயரிலிருக்கும் தோட்டத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றுவதில் ஒரு ஆட்சேபணை வந்திருக்கிறது, பதிலோடு நேரில் வரவேண்டும், வராவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும். தேதி நாளை மறுநாள். நான் சொன்னதும் வடகரப்பதிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். நான் உட்கார்ந்தேன். ஜோசியரின் பேனாவை வாங்கி, அவர் பில் எழுதும் தாளின் பின்பக்கத்தில் பதிலை எழுத ஆரம்பித்தேன். என்னென்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்கக் கேட்க அந்த அம்மா சொன்னார். கை தானாக ஓடியது. பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை.

எழுதி முடித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டினேன். அந்த அம்மா தாளை வாங்கி, தலைகீழாகத்தான் பிடித்திருந்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கூட்டு முன் ரூமு சும்மாதானுங்க கெடக்குது," என்றார் ஜோசியரைப் பார்த்து. "அஞ்சு பேரும் அங்க வந்து குடியிருப்பாங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

ஜோசியர் லேப்டாப்பை நிமிர்த்துவதற்குள், இருப்பார்கள் என்று நான் சொல்லிவிட்டேன்.