நாலாம் செட் அட்டைகள்

வேதியியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘சிசிடிவி’. பெயர் வைத்த பிள்ளை யார் என்று இரண்டு வருடமாக அவர் துப்பறிந்துகொண்டிருந்தார். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். கடையில் நிறுத்து வாங்கிய தக்காளியை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பார். “‘நான் உங்க வயித்துல பொறந்தவதானா’ன்னு எங்கம்மாகிட்டயே கேட்டுட்டா” என்று அவருடைய அக்கா சொல்லிச் சிரிப்பதுண்டு. கேட்டது உண்மைதான்.

ஆனால் பாடம் நடத்துவதில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. தனிம வரிசை அட்டவணையைப் பிள்ளைகள் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பது அவருக்குப் பிடிக்காது. ஒப்பிக்கிறவன் புரிந்துதான் ஒப்பிக்கிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி? அதனால் அட்டைகள் செய்தார். ஒரு செட்டுக்கு இருபது அட்டை, மொத்தம் ஆறு செட். எந்த அட்டையிலும் தனிமத்தின் பெயர் இருக்காது, ஓர் எழுத்துதான் இருக்கும். அதற்குக் கீழே மூன்று செய்திகள்: வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான், அணுவின் ஆரம் எத்தனை பிக்கோமீட்டர், அது எதனோடு எப்படி வினைபுரியும். வெளிக்கூட்டு எலக்ட்ரானைப் பார்த்து அட்டைகளை நெடுவரிசைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் சின்ன அணு மேலே, பெரிய அணு கீழே. கடைசியில் வினைபுரியும் வேகத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

நன்றாக அடுக்கினால் மேசையில் ஒரு குட்டி அட்டவணை தானாக எழும்பும். இடமிருந்து வலமாகப் போகப்போக அணு சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். முதல் வரிசை உலோகங்களின் முரட்டுத்தனம் கீழே போகப்போகக் கூடும், ஆனால் குளோரின் இருக்கும் வரிசையில் கீழே போகப்போகக் குறையும். ஒரு பிள்ளையாவது “ஏன் டீச்சர் இங்க மட்டும் தலைகீழா?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை பாடுபட்டார்.

இந்த வருடம் அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் வைத்தார்கள். அடுத்த வருட அறிவியல் பிரிவுக்கு ஆள் எடுக்க அதையும் பார்ப்பார்கள். காலையில் ஒரு வகுப்பு, மதியம் ஒரு வகுப்பு.

மதிய வகுப்பில் ஜன்னலோர மேசையில் ஒரு பெண் இருந்தாள். வாய் திறந்து பேசாத பெண். நர்ஸ் ஆக வேண்டும், அதற்கு அறிவியல் பிரிவு கிடைக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். அவள்தான் தன் குழுவுக்காக அட்டைகளை அடுக்கினாள். பத்தொன்பது அட்டை மளமளவென்று உட்கார்ந்துவிட்டன. ‘ம’ என்று எழுதிய ஓர் அட்டையை மட்டும் முதல் வரிசையில் மேலே வைத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கடைசியில் அதை வரிசையின் அடியில் வைத்தாள்.

டீச்சர் அதைப் பார்த்தார். யாரோ சைகை காட்டக் காத்திருக்கிறாள் என்று நினைத்தார்.

சாயங்காலம் விடைத்தாள்களைப் புரட்டியபோது சந்தேகம் முளைவிட்டது. காலை வகுப்பிலும் ஒரே ஒரு குழு ‘ம’ அட்டையை அதே தப்பான இடத்தில் வைத்திருந்தது. அந்தக் குழுவில் இருந்தவன் அந்தப் பெண்ணின் சித்தி மகன். இருவரும் மதியச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். டீச்சரிடம் ஒரு கணக்கு உண்டு: சரியான விடை நூறு பேருக்கு ஒரே மாதிரி இருக்கலாம், தப்பான விடை ஒரே மாதிரி இருந்தால் அது காப்பி.

“கையும் களவுமா மாட்டிக்கிட்டா” என்று வாய்விட்டே சொன்னார். அறிவியல் பிரிவுக்கு இந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். சித்தி மகனுக்கும் அதில் கால் பக்கம் கிடைத்தது.

மறுநாள் தலைமை ஆசிரியை கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் கணக்கு டீச்சராக இருந்தவர்.

“எனக்கு உங்க கெமிஸ்ட்ரி மறந்து போச்சு. அந்தப் புள்ள அடுக்குன அதே அட்டைய எடுத்துட்டு வாங்க. எங்க தப்புன்னு காட்டுங்க.”

டீச்சர் நாலாம் செட்டை எடுத்து வந்தார். எந்த மேசைக்கு எந்த செட் என்பதை மாற்றவே மாட்டார், எண்ணிக்கை குறைந்தால் ஆளைப் பிடிக்க வேண்டுமே! ஜன்னலோர மேசைக்கு, காலையில் சித்தி மகனின் குழு உட்கார்ந்தபோதும் மதியமும், நாலாம் செட்தான். முதல் வரிசையை அந்தப் பெண் வைத்தபடியே தலைமை ஆசிரியையின் மேசையில் பரப்பினார்.

“கீழ போகப்போகக் கூடு ஒண்ணொண்ணா கூடும். வெளியில இருக்கிற எலக்ட்ரான் நடுவுல இருக்கிற கருவ விட்டுத் தூரமாப் போயிடும். உள்கூடுங்க வேற மறைக்கும். பிடி தளர்ந்துடும், சட்டுன்னு கழண்டுக்கும். அதனால அணு பெருசாக ஆக, தண்ணியில போட்டா ஆட்டமும் பெருசாகும்.”

தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்களைப் படித்தார். “நூத்தி அம்பத்திரெண்டு, நூத்தி எம்பத்தாறு, எரநூத்தி நாப்பத்தெட்டு, எரநூத்தி எழுவத்திரெண்டு. ஏறுமுகமாத்தானே வெச்சிருக்கா? இதுல தப்பு எங்க?”

“இல்ல மேடம், அந்த ‘ம’ பொட்டாசியம். அது மூணாவது. அதுக்கு எரநூத்தி இருபத்தி...”

டீச்சர் நிறுத்தினார். அட்டையைக் கையில் எடுத்தார். மற்ற பத்தொன்பதும் அச்சடித்தவை, இது பேனாவால் எழுதியது. போன மாதம் ஓர் அட்டை காணாமல் போனது. ஆய்வக உதவியாளர்தான் தொலைத்தார் என்று அவரோடு சண்டை போட்டுவிட்டு, அந்தக் கோபத்தோடு புதிதாக எழுதிய அட்டை. 227 என்று எழுத வேண்டிய இடத்தில் 272 என்று எழுதியிருந்தார். அவருடைய கையெழுத்துதான். அதைச் சந்தேகிக்க வழியே இல்லை.

தலைமை ஆசிரியை இன்னும் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணு மட்டும் புரியல டீச்சர். பெருசு ஆக ஆக ஆட்டமும் பெருசாகும்னீங்க. ஆனா இந்த 248 தண்ணி பட்டதும் வெடிக்குதுன்னு போட்டிருக்கு. அதவிடப் பெருசு 272, அது ஊதாத் தீயில எரியறதோட சரின்னு இருக்கே. ரெண்டும் ஒத்துப் போகலையே?”

டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண் அட்டையை மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி வைத்தது இதற்காகத்தான். அளவு கீழே வை என்றது, தீ மேலே வை என்றது. இரண்டும் முட்டுகிறது என்று கண்டுபிடித்தவளைத் தேடித்தான் பன்னிரண்டு வருடமாக அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தவளைத் திருடி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, இதற்கு முன் எத்தனை கடிதம் எழுதியிருக்கிறார் என்று நினைத்தபோது.

கடிதத்தைத் திரும்பக் கேட்டார். தலைமை ஆசிரியை கொடுத்தார். டீச்சர் அங்கேயே நின்று அதைக் கிழித்துவிட்டு, இரண்டு குழுவுக்கும் முழு மதிப்பெண் போட்டார்.

மதிய வகுப்பில் அட்டையைத் தூக்கிக் காட்டி, “இது என் தப்பு” என்றார். பிள்ளைகள் நம்ப முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஜன்னலோர மேசைக்குப் போனார்.

“உனக்கு நேத்தே தெரிஞ்சிருச்சு இல்ல?”

அந்தப் பெண் எழுந்து நின்றாள். “சந்தேகமா இருந்துச்சு டீச்சர்.”

“அப்புறம் ஏம்மா சொல்லல?”

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “அட்ட தப்புன்னு சொன்னா, நானே திருத்திட்டுப் பொய் சொல்றேன்னு சொல்லுவீங்க டீச்சர்.”

டீச்சர் மறுப்பதற்கு வாயைத் திறந்தார். பிறகு, “ஆமா. அப்படித்தான் சொல்லியிருப்பேன்” என்றார்.