நீல மையில் ஒரு மீசை

மதகடிப்பட்டில் என் ஸ்டுடியோவுக்கு அந்த அண்ணன் தம்பி வந்தபோதே சண்டை போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். அப்பா இறந்துவிட்டார். மறுநாள் கருமாதி. மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். ஆதார் அட்டையில் இருப்பதை வைத்தால் வந்தவர்கள் பயந்துவிடுவார்கள். இருந்த ஒரே நல்ல படம், அவர் இளவயதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் யாரோ நீல பால்பாயின்ட் பேனாவால் கன்னம் வரைக்கும் முறுக்கு மீசை வரைந்திருந்தார்கள்.

"இவன் வேலைதான்க்கா" என்றார் அண்ணன்.

"நானா? எனக்கு அப்ப பேனாவே புடிக்கத் தெரியாது" என்றார் தம்பி. இருவருக்குமே தலை நரைத்துவிட்டது.

எனக்கு வேலைத் திமிர் கொஞ்சம் அதிகம். படத்தைக் கலரில் ஸ்கேன் செய்து, கன்னத்துத் தோலை எடுத்து மை மேல் ஒட்டி ஒட்டி, உதட்டுக்கு மேல் பளிங்கு மாதிரி ஆக்கிவிட்டேன். பார்த்துவிட்டு இருவரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். அவர்கள் அறிந்த அப்பாவுக்கு மீசையே கிடையாது.

சாயங்காலம் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினார்கள். அந்த அம்மா திரையை உற்றுப் பார்த்தார்.

"இது யாருடா?"

எனக்குச் சுருக்கென்றது. நல்லவேளை, ஸ்கேனை அப்படியே தனியாக வைத்திருந்தேன். அதைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் பிரித்து, நீலச் சேனலை மட்டும் பார்த்தேன். நீல மை அதில் வெளுத்துப்போகும். படத்தில் உள்ள கறுப்பு போகாது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், அவசரக்குடுக்கை நான். முறுக்கு மீசை மங்க, அடியில் பூனை மீசை ஒன்று மெல்லத் தெரிந்தது. பழுப்பேறிய காகிதத்தின் கறைகள் அதில் கூடுதலாகத் தெரிந்தன. அவற்றையும் மிச்சமிருந்த பேனாக் கோடுகளையும் மட்டும் பொட்டுப் பொட்டாக எடுத்தேன். மீசை முடி ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"இதான் அவரு" என்று அந்த அம்மா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். "பெரிய மீசை வச்சா நல்லா இருக்கும்னு எத்தினியோ வாட்டி சொன்னேன். கேக்கல. நானே வரைஞ்சு காட்டினேன். அந்தக் கோவத்துல, இருந்த மீசையையும் வழிச்சுட்டாரு. அப்பறம் வைக்கவே இல்ல."

"நீயாம்மா?" என்றார்கள் இருவரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிரின்ட் போடப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மீசையக் கொஞ்சம் கெட்டியாப் போட முடியுமாம்மா?"

"இன்னாம்மா நீ!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"கொஞ்சம்தான்டா. இனிமே அவரு வந்து வழிக்கவா போறாரு?"