மஞ்சள் பூசிய இயந்திரம்

தாட்சாயணி இயந்திரத்தின் இரும்புக் குழாயில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். பலமனேர் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்தால் பூசை போடாமல் துளை போடமாட்டார்கள்.

“இது தண்ணிக்கு இல்லம்மா,” என்றான் நில ஆய்வாளன் ஹேமநாத். “பேட்டரிக்கு வேணுங்கற லித்தியம் பாறையில இருக்கான்னு பாக்கறோம். துளை போடத் தண்ணி வேணும். உங்க கிணத்துல எடுத்துக்கட்டுமா?”

“தண்ணி குடுக்கும்னு பூசை போட்டுக்கினு இருந்தா, இது என் தண்ணியக் கேக்குதே!”

அவளுடைய மாடுகள் அந்தக் கிணற்றைத்தான் நம்பியிருந்தன. ஆனால் பிழைப்புக்குத் திருப்பதி போன மகன் ரமணா, பேட்டரி ஆட்டோ வாங்கிய பிறகுதான் டீசல் செலவிலிருந்து தப்பித்திருந்தான்.

“துளைக்கு ஒரு டேங்கர் போதும். குழியில தெளியவிட்டு அதையே திரும்ப விடுவோம். சுரங்கம் வந்தா வேலை கிடைக்கும். ஆனா பாறையக் கழுவ நிறையத் தண்ணி வேணும். சுரங்கப் பள்ளத்துல ஊறுறத இறைச்சா பக்கத்துக் கிணறு இறங்கலாம்.”

“இறங்குமா, இறங்காதா?”

“இப்பத் தெரியாதும்மா.”

மாடுகள் பக்கம் பேசுவதா, மகன் பக்கம் பேசுவதா என்றே அவளுக்குப் புரியவில்லை. மஞ்சளைத் துடைப்பதா, விடுவதா என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் விட்டாள். கல் தண்ணீரைத் தொட்டதும், கயிறு கிணற்று விளிம்பைத் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டாள்.

“ஒரு டேங்கர் எடுத்துக்கோ நைனா,” என்றாள் ஹேமநாத்திடம். “தினம் இந்தக் கயித்த விடுவேன். தண்ணி இறங்கி முடிச்சு விளிம்புக்குக் கீழ போனா, உன் குழாயக் கழட்டிடணும்.”