கருத்தம்மாளின் மூன்று தப்பான விடைகள்

கோபம் வந்தால் அன்னக்கொடி சத்தம் போட மாட்டாள். கையில் இருப்பதை மெதுவாக மேசைமேல் வைப்பாள். தேவாரம் என்ற ஊர்க்காரி. மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, ஏலத்தோட்டத்து மருந்தகங்களுக்குப் பெண்களைத் தயார்செய்யும் போடிப் பயிற்சி நிலையத்தில் பதினோரு வருசமாகச் சொல்லிக்கொடுத்துவந்தாள்.

எண்பத்து மூணாம் வருசம் குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் செடிக்குப் பூச்சிமருந்து அடித்த சோலைமலை என்ற ஆள் செத்துப்போனான். மருந்தகத்தில் இருந்தவள் கருத்தம்மாள், அன்னக்கொடியிடம் படித்தவள். வாந்திபேதி என்று நினைத்து உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து, பூச்சிமருந்தில் நனைந்த சட்டையோடேயே அவனைப் படுக்கவைத்திருந்தாள். ஜீப்பு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அன்னக்கொடி அவளுடைய பழைய பரீட்சைத் தாளைத் தேடி எடுத்தாள். பூச்சிமருந்து விஷத்துக்கு மாற்று மருந்து எது? அட்ரோபின், பெனிசிலின், இருமல் டானிக், சத்து மாத்திரை. கருத்தம்மாள் அட்ரோபினைச் சரியாகக் குறித்திருந்தாள். தாளைச் சுருட்டிக்கொண்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் மலையேறினாள்.

கருத்தம்மாள் அழவில்லை. "விஷம்னு ஒரு ஆளு சொல்லியிருந்தா ஊசியை எடுத்திருப்பேன் சிஸ்டர். தள்ளாடினான், சாராயம்னு நெனச்சேன். அப்புறம் வெயிலுன்னு நெனச்சேன். பேதியானதும் வாந்திபேதிதான்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். கண்ணைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, "எதுக்குப் பாக்கணும்னு தெரிஞ்சாத்தானே பாப்பேன்? நீங்க மருந்துப் பேருதானே கேட்டீங்க?"

அந்தக் கேள்வியை எழுதியது அன்னக்கொடியேதான். இறங்கி வரும்போது ஜீப்பில் அவள் கோபம் போக்கிடமில்லாமல் அவள்மேலேயே விழுந்தது.

அன்று சாயங்காலமே புதுக் கேள்வி எழுதினாள். விஷம் என்ற சொல்லே அதில் இல்லை. ஏலத்தோட்டத்து ஆள், வாந்தி, பேதி, வேர்வை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, கூப்பிட்டால் பேசுகிறான், உடம்பு சில்லென்றிருக்கிறது, நாடி மெதுவாக ஓடுகிறது, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கிறது, சட்டை நனைந்து நெடியடிக்கிறது. முதலில் என்ன செய்வாய்? தப்பான விடை மூன்றும் கருத்தம்மாள் அன்று நினைத்தவை.

பரீட்சைத் தாளை ஸ்டென்சில் அடித்துப் படியெடுக்கிற காசிமாயன், பார்த்ததுமே சரியான நாலாவது விடையைத் தொட்டான். அவனுக்கு வைத்தியம் சுத்தமாகத் தெரியாது.

"எப்படிண்ணே?"

"மூணு விடை குட்டையா இருக்கு, ஒண்ணு ரெண்டு வரி ஓடுது. சரியானதைத்தானே ஆத்தா பாத்துப் பாத்து எழுதுவீங்க? இதுக்கு எதுக்கு வருசம் பூராப் படிக்கணும்?"

அன்னக்கொடி பேனாவை மேசைமேல் வைத்தாள். பிறகு நாலையும் ஒரே அளவாய் வெட்டினாள். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது. நிழலில் கிடத்தி விசிறுவது. போதை தெளியத் தூங்கவிடுவது. சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவிவிடுவது. அதோடு சேர்த்து எழுதியிருந்த அட்ரோபின் ஊசியைத் தனிக் கேள்வியாக்கினாள். காசிமாயன் இந்தமுறை தண்ணீரைத் தொட்டான்.

நிலையத் தலைவர் டாக்டர் வெள்ளைத்துரைக்கு இது பிடிக்கவில்லை. நாலுமே சரி மாதிரி இருக்கிறது, பாதிப்பேர் ஊத்திக்கொள்வார்கள், மருந்து அடித்தவன் என்றாவது சேர் என்றார்.

"மலையில வர்றவன் நெத்தியில எழுதிக்கிட்டா வர்றான் டாக்டர்?"

காலராவாகவும் இருக்கலாமே என்றார். காலராவில் வாய் வறளும், எச்சில் ஒழுகாது; நாடி வேகமாக ஓடும், மெதுவாகாது; கண்மணி ஏன் சுருங்கப் போகிறது என்று திருப்பிக் கேட்டாள். என்னவோ செய் என்று அவர் தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

இருபத்திரண்டு பேர் எழுதினார்கள். சரியாகக் குறித்தவர்கள் ஒன்பது பேர். பன்னிரண்டு பேர் தண்ணீர் கொடுத்தார்கள், ஒருத்தி தூங்கவிட்டாள். விசிறுவதை ஒருத்தியும் சீண்டவில்லை. அந்த விடை தண்டம், அடுத்தமுறை மாற்ற வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டாள். வகுப்பில் முதலாவதாக வரும் பொன்னுமணியும் அந்தப் பன்னிரண்டில் இருந்தாள்.

கேள்வியை அடித்துவிட்டு எல்லோருக்கும் மார்க் போடச் சொன்னார் வெள்ளைத்துரை. பெண்களைக் கூட்டிப்போகத் திங்கட்கிழமை ஜீப்பு வருகிறது, தோட்ட முதலாளிகளுக்கு யார் பதில் சொல்வது என்றார்.

"கேள்வியை அடிச்சிடலாம். அந்த ஆளு மருந்தகத்துக்கு வந்து நிப்பான், அவனை எதால அடிப்பீங்க? இந்தப் பதிமூணு பேரு சர்ட்டிபிகேட்டுலயும் இப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வேலை போகும் என்றார். போகட்டும் என்றாள். திங்கட்கிழமை காலைவரை அவளுக்கு நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பதிமூன்று பேரையும் உட்காரவைத்து, குறித்த விடை ஏன் தப்பு என்று ஒவ்வொருத்தியையும் வாய்விட்டுச் சொல்லவைத்தாள். பொன்னுமணி எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"வருசம் பூரா மருந்துப் பேரைக் கேட்டுட்டு, கடைசி நாள்ல ஆளைக் கொண்டாந்து நிறுத்தினா நாங்க என்ன பண்றது சிஸ்டர்?"

"நீ கேக்கறது நியாயம். கருத்தம்மாளும் அதைத்தான் கேட்டா," என்றாள் அன்னக்கொடி. "உக்காராதே. அவன் வாயில ஏன் எச்சில் ஒழுகுது, அதைச் சொல்லு."