முன்வாசலுக்கு வலது, குசினிவாசலுக்கு இடது

தேற்றாத்தீவில் அஜந்தாவைத் தெரியாத தேத்தண்ணிக் கடை கிடையாது. விடியுமுன் இடியப்பம் அவித்துப் பெட்டியில் அடுக்கி, புருஷன் நிதுர்ஷனின் ஓட்டோவில் ஏற்றி அனுப்புகிறவள் அவள்தான். வயது முப்பத்தொன்று. மகள் முன்பள்ளிக்குப் போகிறாள். இவ்வளவையும் முடித்துவிட்டு, பின்னேரமானால் நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குத் தடை தாண்டப் போய்விடுவாள். ஊர் என்ன சொல்லும் என்று சிலர் கேட்டார்கள். ஊர் இடியப்பத்தை வாங்கித் தின்னும், வேறென்ன சொல்லும்?

அவள் ஓடுவது நானூறு மீற்றர் தடைதாண்டல். ஒரு முழுச் சுற்று, பத்துத் தடைகள். போன வருஷம் மாகாண விளையாட்டு விழாவில் இரண்டாவதாக வந்தாள். முதல் இரண்டு பேருக்குத்தான் தேசிய விழா. நிதுர்ஷன் ஊருக்கெல்லாம் போன் அடித்து முடிக்குமுன்பே, கடைசி வளைவில் நின்ற நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றது தெரியவந்தது. எட்டாவது தடையில் அவளுடைய பின்கால் தடைக்கு மேலால் வரவில்லை, ஓரத்தால் போய்விட்டது என்றார்கள். பெயரை வெட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து தேங்காய் துருவினாள். துருவிய வேகத்தில் சிரட்டையும் சேர்ந்து வந்தது.

இந்த வருஷமும் தேசிய விழாவுக்குப் போகாவிட்டால் இனி ஓடுவதில்லை என்று அவளே முடிவு எடுத்திருந்தாள். வருஷா வருஷம் வயது கூடுகிறது, தொடை அப்படியே இருக்குமா?

பயிற்சிக்குத் துணை றிஸ்லா. ஏறாவூர்க்காரி, அஜந்தாவின் வயதுதான். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தராக இருக்கிறாள். முந்தி இருவரும் மாவட்டத்துக்காக ஒன்றாக ஓடியவர்கள். முழங்கால் விட்டுப்போனபின் றிஸ்லா ஓடுவதில்லை, வாயால் ஓடுகிறாள்.

"உன்ட பிரச்சின ரெண்டு" என்றாள் றிஸ்லா, போனில் எடுத்த வீடியோவைக் காட்டி. "ரெண்டுக்கும் காரணம் ஒண்டு. உனக்கு வலங்கால் மட்டுந்தான் இரிக்கி."

"மற்றது என்ன, கட்டிலுக்குப் போட்ட காலா?"

"கிட்டத்தட்ட. இஞ்ச பாரு."

பார்த்தாள். வளைவில் ஓடும்போது உடம்பு இடப்பக்கம் சாய்கிறது, பாதையும் இடப்பக்கம் திரும்புகிறது. அஜந்தா வலது காலை முன்னுக்கு வீசித் தாண்டுகிறாள். பின்னால் மடங்கி வரவேண்டிய இடது கால், உள்பக்கத்தால் நழுவித் தடையின் ஓரத்துக்கு வெளியே தொங்கிப் போகிறது. இடது கால் முன்னுக்குப் போயிருந்தால் பின்கால் வலது. அது வெளிப்பக்கமிருந்து தடைக்கு மேலாகத்தான் வரும். உள்கோட்டை ஒட்டியும் பயமில்லாமல் ஓடலாம்.

"ரெண்டாவது இன்னும் மோசம்" என்றாள் றிஸ்லா. "தடைக்கும் தடைக்கும் நடுவுல நீ எட்டி வைக்கிற எட்டு பதினேழு. ஒற்றை எண் எண்டா ஒவ்வொரு தடைக்கும் அதே கால் வரும். நல்லம். அஞ்சு தடைக்குப் பொறகு களைச்சுப் போறாய். எட்டுச் சுருங்குது, பதினேழு காணாது, தடைக்கு முந்தியே முடியுது. பதினெட்டு வச்சா லேசாப் போயிரும். ஆனா இரட்டை எண் எண்டா மற்றக் கால் முன்னுக்கு வரும். உனக்குத்தான் மற்றக் கால் இல்லியே. அதால தடைக்கு முன்னால வந்து தட்டுத் தட்டெண்டு குறுக்கிப் பத்தொன்பது ஆக்கிறாய். கொதிக்கிற பானைக்குக் கீழ விறக இழுத்த மாதிரி, வேகம் செத்துப் போகுது."

"ஓடக்குள்ள எண்ணிக்கொண்டா ஓடுற?"

"எண்ணாத. காதால கேளு. தாளம் மாறினா உனக்கே விளங்கும். மாத்த வேண்டிய இடத்த முந்தியே முடிவெடுத்துக்கொண்டு போகணும். தடைக்கு முன்னால வந்து நிண்டு யோசிக்க அது என்ன மீன் சந்தையா?"

வலது கால் மட்டும் எப்படி வந்தது என்பதை அஜந்தா வீட்டுக்குப் போன பிறகுதான் கண்டுபிடித்தாள். வாசற்படியில் ஏறும்போது கால் தானாக வலதாகப் போயிற்று. அம்மா சீதேவிப்பிள்ளை வளர்த்த வளர்ப்பு அது. மட்டக்களப்பில் வீடு சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகும், அதனால் அம்மாவும் அந்த வீட்டோடு கூடவே வரும். பள்ளிக்குப் போக வலது கால், கோயிலுக்கு வலது கால், வயலில் வாய்க்காலைப் பாயவும் வலது கால். முப்பது வருஷமாக இடது காலை முன்னுக்கு விட அனுமதியே கிடைக்கவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போய்வந்தவள் வேண்டுமென்றே இடது காலை முன்வாசலுக்குள் வைத்தாள். அம்மா கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டாள்.

"என்ன கா இது? மூதேவிய இழுத்துக்கொண்டா வாறாய்?"

"பழகுறன் அம்மா. இடங்காலும் வேணும்."

"ஓட்டத்துக்குப் பழகுறெண்டா மைதானத்துல பழகு. குடும்பம் நடக்கிற வீட்டுல பழகாத."

"மைதானத்துல கொஞ்ச நேரந்தானே நிக்கிற? வீட்டுல ஒரு நாளைக்கு எத்தின தரம் வாசல் ஏறி இறங்கிறன்!"

ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த நிதுர்ஷன் சிரித்துவிட்டான். "மாமி, லெச்சுமி முன்வாசலாலதானே வருவா? பின்னால குசினிவாசலால வாறது அடுப்புச் சாம்பலும் பூனையுந்தானே. அதை அவளுக்குக் குடுங்க."

சீதேவிப்பிள்ளை விழுந்த சுளகைப் பொறுக்கி எடுத்தாள். மருமகனிடம் நேருக்கு நேர் தோற்பது அவளுக்குப் பழக்கமில்லை.

"சரி. முன்வாசலுக்கு வலங்கால். குசினிவாசலுக்கு என்ன காலையும் வை. ஆனா மாறிச்செண்டா அகப்பைக் காம்பு பேசும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டம் அதுதான். காவலுக்கு அம்மாவே இருந்தாள். அரிசி மாவை எடுக்கக் குசினிவாசல், இடது. பெட்டியை ஓட்டோவில் ஏற்ற முன்வாசல், வலது. மறந்தால் உள்ளேயிருந்து சத்தம் வரும். எந்தப் பயிற்றுநரும் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கால் பார்த்திருக்க மாட்டார்.

மைதானத்தில் நிதுர்ஷன் பிளாஸ்டிக் குழாயில் செய்துகொடுத்த தடைகள். முதல் மாதம் இடது காலால் தாண்டுவது பார்க்கச் சகிக்கவில்லை. கோழி வேலி பாய்ந்தது போலிருந்தது. குழாய் இரண்டு உடைந்தது, முழங்கால் உரிந்தது. பிறகு மெல்ல மெல்ல வந்தது. ஓட்டம் தொடங்கும்போது காலூன்றும் புளொக்கில் முன்னுக்கு வைக்கும் காலை மாற்றினார்கள். அதே எண்ணிக்கையில் ஓடினாலும் இப்போது முதல் தடைக்கு இடது கால் முன்னுக்கு வந்தது. திட்டம் இதுதான்: ஐந்தாம் தடைவரை பதினேழு. ஆறுக்கும் ஏழுக்கும் பதினெட்டு. அதன்பிறகு கால் கனக்கும், கடைசிவரை பத்தொன்பது. எல்லாம் முன்கூட்டியே தீர்த்தது. குறுக்கல் இல்லை, யோசனை இல்லை.

மாகாண விழா இந்தமுறை பட்டணத்து மைதானத்தில். கச்சான் காற்று அடிக்கிற காலம். காலையில் சும்மா இருந்த காற்று, அவளுடைய ஓட்டம் வருகிற நேரம் பார்த்து வாவிப்பக்கத்துத் தென்னைகளைப் பேயாட்டியது. வளைவு முடிந்து அப்பால் வரும் நேர்ப்பாதையில் முகத்துக்கு நேரே காற்று.

வேலிக்கு வெளியே நின்ற றிஸ்லா கத்தினாள். "காத்தோட சண்ட பிடியாத! தாளத்தக் கேளு!"

அஜந்தாவுக்கு அடுத்த ஓடுதடத்தில் திருகோணமலைப் பிள்ளை ஒருத்தி. இருபது வயது இருக்கும், கொக்குக் கால். அதற்கப்பால் போன வருஷம் முதலாவதாக வந்த அம்பாறைக்காரி. அவளை யாரும் பிடிக்கப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். சண்டை இரண்டாம் இடத்துக்குத்தான்.

வெடி கேட்டது. முதல் மூன்று தடையும் இடது கால், பிசகில்லை. உள்கோட்டை ஒட்டி, பின்கால் தடைக்கு மேலால் அழகாக வந்தது. நேர்ப்பாதையில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளிற்று. நான்காவது தடைக்குப் பதினேழு வந்தது, ஆனால் எட்டி எட்டித்தான் வந்தது. இறங்கியபோதே தெரிந்தது, அடுத்ததற்கு இந்த எட்டுக் காணாது.

திட்டப்படி ஐந்தாம் தடைக்கும் பதினேழுதான். அடுத்த தடத்துப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பாய்கிறாள், முன்னுக்கும் போகிறாள். தானும் எட்டவா? எட்டினால் தொடை இப்போதே காலியாகும். எட்டாமல் போனால் தடைக்கு முன்னால் பழையபடி தட்டுத் தட்டு.

குசினிவாசலும் முன்வாசலும் ஒரே வீட்டு வாசல்தானே என்று தோன்றியது. எட்டைக் கொஞ்சம் சுருக்கிக் காலை வேகமாக மாற்றினாள். பதினெட்டு. ஐந்தாம் தடைக்கு வலது கால் வந்தது. நேர்ப்பாதையில் வலது வந்தால் யாருக்கு நட்டம்? அடுத்ததும் பதினெட்டு. வளைவு தொடங்கி வருகிற ஆறாம் தடைக்குத் திரும்ப இடது. திட்டத்தில் ஆறுக்கு வலது என்றல்லவா இருந்தது! காற்று அவளை ஒரு தடை முந்தித் தள்ளிவிட்டு, வளைவு முழுவதற்கும் இடது காலைக் கொடுத்துவிட்டது. அங்கிருந்து பத்தொன்பது பத்தொன்பதாக, தாளம் ஒரே தாளம். இடியப்ப உரலைப் பிழிவதுபோல் அழுத்தம் மாறாமல்.

எட்டாவது தடை. போன வருஷம் கொடி ஏறிய அதே எண். நடுவர் அங்கேதான் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். திருகோணமலைப் பிள்ளைக்குக் காற்றிலே செலவழித்தது இப்போது கணக்குக்கு வந்தது. தடைக்கு முன்னால் வந்து குறுக்கினாள், இரண்டு மூன்று சின்ன எட்டு, ஏறக்குறைய நின்றே பாய்ந்தாள். அஜந்தா பக்கத்தால் போனாள். கொடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கழுத்துச் சுளுக்கும், வேறென்ன.

அம்பாறைக்காரி முதல், அஜந்தா இரண்டு. றிஸ்லா வேலிக்கு மேலால் பாதி உடம்பைப் போட்டுக்கொண்டு நடுவர்மாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பு வரும்வரை இருவரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொடி இல்லை. பெயர் பெயராகவே இருந்தது.

"அஞ்சுக்கு ஏண்டி மாத்தின? நான் செத்துப் பொழச்சன்" என்றாள் றிஸ்லா.

"காத்து மாத்தச் சொன்னிச்சு."

"நான் சொன்னா மட்டும் கேக்கமாட்டாய்."

திருகோணமலைப் பிள்ளை புல்லில் குந்தி அழுதுகொண்டிருந்தாள். அஜந்தா தண்ணீர்ப் போத்தலை அவள் கையில் திணித்தாள். "ஏன் அழுறாய்? கால் நல்ல கால். காத்துக்குள்ள எட்டாத, எட்டைச் சுருக்கு. அடுத்த வருஷம் நீ என்னப் பிடிச்சுருவாய்."

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நாளைக்கும் கடைகள் திறக்கும், மாவு வறுக்க வேண்டும். அதனால் நேரே குசினிப்பக்கம் போனாள்.

"அங்கால எங்க போறாய்?" உள்ளேயிருந்து சீதேவிப்பிள்ளையின் குரல். "முன்வாசலால வா மகள்! ஆலாத்தி கரைச்சு வச்சிரிக்கன்."

சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். மகள் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா சுற்றிக் கொட்டிவிட்டு, வழக்கம்போல் காலைப் பார்த்தாள். அஜந்தா வலது காலைத் தூக்கினாள். தொடை இறுகிப்போய்ப் படிவரைக்கும் வரவில்லை. இடதைத் தூக்கிப் பார்த்தாள். அதுவும் வரவில்லை.

"பத்துத் தடை பாய்ஞ்சவள் ஒரு படி ஏற மாட்டாளாம்" என்றான் நிதுர்ஷன்.

"நீ பேசாத, பிடி" என்று அதட்டிவிட்டு, சீதேவிப்பிள்ளை குனிந்து அஜந்தாவின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் படிக்கு மேலே வைத்தாள். எந்தக் கால் என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை.