நான்காவது எலியின் விடைத்தாள்

அந்த வருடம் விடைத்தாள் திருத்தும் முகாம் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் மயிலாப்பூரில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறவள். இருபது நிமிஷம் பஸ்ஸில் போனால் வந்துவிடும். வாசலில் செல்போனை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்வார்கள். அதற்கப்புறம் சாயங்காலம் வரை உலகம் என்றால் ஒரு பெஞ்சு, ஒரு சிவப்புப் பேனா, ஒரு கட்டு விடைத்தாள், அவ்வளவுதான்.

ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று இருந்தது. டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்று நிரூபித்த சோதனைகளைப் படிப்படியாக விளக்குக. மூன்று சோதனை. எலியை வைத்துச் செய்ததற்கு இரண்டு மதிப்பெண், நொதிகளை வைத்துச் செய்ததற்கு ஒன்று, வைரஸை வைத்துச் செய்ததற்கு இரண்டு. ஒரே பதிலை நாள் முழுக்கப் படித்தால் கண்ணுக்குள் எலி ஓடும். மூன்றாம் நாள் காலையில் நான் எந்தப் பதிலையும் படிக்கவில்லை என்பதுதான் உண்மை. 'உறை', 'எலி இறந்தது', 'கதிரியக்கம்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சரி போட்டுக்கொண்டே போனேன்.

அப்படிப் போகும்போது ஒரு தாளில் பேனா நின்றுவிட்டது. பதில் இப்படி ஆரம்பித்தது: 'நான் ஆர். எனக்கு உறை கிடையாது. அதனால் என்னை எலிக்குள் செலுத்தினால் எலியின் உடம்பு என்னை அழித்துவிடும். எலி பிழைக்கும். என் உறவினர் எஸ்ஸுக்கு வழவழப்பான உறை உண்டு. அவரைச் செலுத்தினால் எலிக்கு நிமோனியா வந்து இறக்கும்.'

ஆர், எஸ் இரண்டும் நிமோனியா பாக்டீரியாவின் வகைகள். பாக்டீரியாவே பதில் எழுதியிருந்தது. நான் மேலே படித்தேன். 'எஸ்ஸைச் சூடுபடுத்திக் கொன்று செலுத்தினார்கள். எலி பிழைத்தது. பிறகு செத்த எஸ்ஸையும் உயிரோடிருந்த என்னையும் சேர்த்துச் செலுத்தினார்கள். எலி இறந்தது. அதன் ரத்தத்தில் உயிருள்ள எஸ் இருந்தது. செத்த எஸ் எழுந்து வரவில்லை. அவரிடமிருந்து ஏதோ ஒன்று எனக்குள் வந்தது. நான்தான் எஸ்ஸாக மாறினேன்.'

நொதிப் பகுதியும் சரியாக இருந்தது. 'அது எந்தப் பொருள் என்று பார்க்க, எஸ்ஸின் சாற்றை மூன்றாகப் பிரித்து என்மேல் ஊற்றினார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதி போட்ட சாறு: மாறினேன். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி போட்ட சாறு: மாறினேன். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி போட்ட சாறு: அப்படியே இருந்தேன். ஏமாற்றமாக இருந்தது.'

பக்கத்து நாற்காலியில் ஒரு சார். வடபழனிப் பக்கத்துப் பள்ளி. முப்பது வருஷ சர்வீஸ். அவரிடம் தாளைத் தள்ளினேன்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

அவர் படித்துவிட்டு, தன் விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு எலி வந்திருக்கு மேடம்," என்றார்.

அந்தத் தாளில் எழுதியவர் நான்காவது எலி. 'எனக்கு முன்னால் மூன்று பேர் போனார்கள். முதலாமவர் திரும்பவில்லை. மற்ற இருவரும் நலமாக வந்தார்கள். ஆகவே நானும் நம்பிக்கையோடு போனேன்.' நான்கு படிகளும் அதில் இருந்தன. ஊசி போட்டதும், மூச்சு இரைத்ததும் விவரமாக இருந்தன. கடைசி வரி: 'நான் இறந்துவிட்டதால் இதற்குமேல் எழுத இயலவில்லை.'

எங்கோ ஒரு ஆசிரியரோ ஆசிரியையோ வகுப்பில் இதை நாடகமாகப் போட்டிருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. ஆளுக்கொரு வேஷம். அவரவர் வேஷத்தை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போயிருக்கிறார்கள்.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு முதன்மைத் தேர்வாளராக இருந்தவரிடம் போனோம். அடையாறிலிருந்து வருகிறவர். எல்லாவற்றையும் இரண்டு முறை படிப்பார். படித்தார்.

"மேடம், இதுல ஒரு ஆபத்து இருக்கு," என்றார் தணிந்த குரலில். "விடைத்தாள்ல தன்னோட அடையாளத்தை வெளிப்படுத்தினா முறைகேடு. இந்தப் பையன் 'நான் ஆர்'னு எழுதியிருக்கான். அது அவனோட இனிஷியலா இருந்தா?"

"சார், அது பாக்டீரியாவோட பேரு."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேல இருக்கறவங்களுக்கு?"

"அப்ப எலியா எழுதினவன்?" என்றார் வடபழனி சார்.

முதன்மைத் தேர்வாளர் கொஞ்சம் யோசித்தார். "எலி பிரச்சினை இல்லை. எலின்னு யாருக்கும் இனிஷியல் கிடையாது."

பிறகு ஒரு வெள்ளைத் தாளில், 'ஆர் என்பது தேர்வரைக் குறிக்காது, உறையற்ற நுண்ணுயிரியைக் குறிக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்களிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். நான் போட்டேன். போடும்போது சிரிப்பு வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

அடுத்து மதிப்பெண். வடபழனி சார் ஆரின் தாளில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒரு மார்க் போயிடும் மேடம். 'செத்த எஸ் எழுந்து வரவில்லை'ங்கறான். ரத்தத்துல உயிரோட எஸ் கிடைச்சுதுன்னு இவனே எழுதறான். எழுந்து வராம எப்படிக் கிடைக்கும்? நான் முப்பது வருஷமா, எஸ் மறுபடி உயிர் பெத்துச்சுன்னுதான் நடத்தறேன்."

நானும் அப்படித்தான் நடத்தினேன். எஸ் எழுந்து வரும் இடத்தில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு பேய் மாதிரி நடந்து காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். வருஷா வருஷம் சிரித்தார்கள். அதுதான் என் வகுப்புகளிலேயே பேர் போன வகுப்பு.

முதன்மைத் தேர்வாளர் விரலை மடக்கினார். "செத்த எஸ் தானா எழுந்து வரும்னா, மூணாவது எலி ஏன் பிழைச்சுது? அதுக்கும் செத்த எஸ்ஸைத்தானே போட்டாங்க?"

வடபழனி சார் எலியின் தாளை எடுத்து மூன்றாவது படியைத் தேடினார்.

"ஆர் கூட இருந்தாத்தான் நடக்குது," என்றேன் நான். சொல்லும்போதே காது சூடாகியது. "அப்ப மாறினது ஆர்தான். எஸ் உடம்பு செத்துப்போச்சு. அதோட டி.என்.ஏ. அந்தச் சூட்டுல அழியலை. அதை ஆர் உள்ள வாங்கிக்கிட்டு உறை போட்டுக்கிட்டுது. அதோட பிள்ளைகளும் எஸ்ஸாவே பிறந்துது. எஸ் உயிர் பெத்துதுன்னு நினைச்சா, சோதனையோட அர்த்தமே போயிடுது."

வடபழனி சார் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "முப்பது வருஷம்," என்று மட்டும் சொன்னார். நான் என் கணக்கைச் சொல்லவில்லை.

ஆரின் பதிலில் வைரஸ் பகுதி பாக்கி இருந்தது. 'இந்தச் சோதனையில் நான் இல்லை. கேள்விப்பட்டதை எழுதுகிறேன்' என்று நேர்மையாகத் தொடங்கியிருந்தது. 'பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்குப் புரத உறையும் உள்ளே டி.என்.ஏ.வும் மட்டுமே உண்டு. புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை. டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. ஆகவே ஒரு கூட்ட வைரஸுக்குக் கதிரியக்கக் கந்தகமும், இன்னொரு கூட்டத்துக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸும் கொடுத்து வளர்த்தார்கள். இரண்டையும் தனித்தனியாகச் சாதாரண பாக்டீரியாவோடு விட்டார்கள். பிறகு மிக்ஸியில் போட்டார்கள்.'

முதன்மைத் தேர்வாளரின் விரல் நின்றது. "விடைக்குறிப்புல 'வேகமாகக் கலக்கி'ன்னு இருக்கு. மிக்ஸி கலக்குமா, அரைக்குமா? அரைச்சா பாக்டீரியாவே கூழாயிடும். உள்ள போனது எது, வெளிய நின்னது எதுன்னு அப்புறம் எப்படித் தெரியும்?"

கேள்வி நியாயமானதுதான். செல்போன் இல்லாததால் பார்க்க முடியவில்லை. பதினொரு மணிக்கு மோர் கொண்டுவரும் அக்கா அப்போது டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தார். முதன்மைத் தேர்வாளர் அவரிடமே போய், ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, மிக்ஸி கலக்குமா, அரைக்குமா?"

"இன்னா சார் கேள்வி இது," என்றார் அக்கா. "சட்னி பிளேடு போட்டா அரைக்கும். மோர் அடிக்கிறதுக்குத் தனியா ஒண்ணு கீது. அது கலக்கும். இப்ப குடிச்சிக்கினு கீறீங்களே, அதுல அடிச்சதுதான்."

"மோர்ல ஏதாவது நசுங்குமா?"

"கறிவேப்பிலை போட்டா முழுசாத்தான் கீது. நீங்களே பாருங்க."

முதன்மைத் தேர்வாளர் தன் டம்ளருக்குள் பார்த்தார். இலை முழுதாக மிதந்தது. எங்களிடம் திரும்பி வந்து, "ஒத்துக்கலாம்," என்றார். "பாக்டீரியாவுக்கு வெளியில ஒட்டிக்கிட்டிருந்த உறை மட்டும் உதிர்ந்துடும். பாக்டீரியா முழுசா இருக்கும்."

மீதியில் எந்தத் தகராறும் இல்லை. 'கலவையை வேகமாகச் சுழற்றியதும் கனமான பாக்டீரியா அடியில் படிந்தது. லேசான உறைகள் மேலே நீரில் நின்றன. கந்தகம் கொடுத்த கூட்டத்தில் கதிரியக்கம் மேலே நின்றது. பாஸ்பரஸ் கொடுத்த கூட்டத்தில் அடியில், பாக்டீரியாவுக்குள்ளே இருந்தது. உள்ளே போனது டி.என்.ஏ. அதுவே புது வைரஸ்களை உண்டாக்கியது. ஆகவே அதுவே மரபுப்பொருள்.' ஆருக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

எலிக்கு இரண்டுதான். செத்துப்போன பிறகு எழுதாத பதிலுக்கு மதிப்பெண் இல்லை என்று முதன்மைத் தேர்வாளர் உறுதியாகச் சொல்லிவிட்டார். வடபழனி சாருக்கு மனசு கேட்கவில்லை. நாலு படியையும் இவ்வளவு உணர்ந்து யாரும் எழுதியதில்லை என்றார். மனசில்லாமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனவர் கடைசித் தாளில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், இங்க வாங்க."

கேள்வி எண் சரியாகப் போட்டு, கீழே எழுதியிருந்தது: 'முன்பக்கத் தொடர்ச்சி. எலி இறந்துவிட்டபடியால், அதன் ரத்தத்தில் கிடைத்த உயிருள்ள எஸ் எழுதுகிறேன். நான் முன்னாளில் ஆர்.' அதற்குக் கீழே நொதிச் சோதனை, வைரஸ் சோதனை, படம் எல்லாம் இருந்தன. ஒரு பிழை இல்லை.

முதன்மைத் தேர்வாளர் இரண்டு முறை படித்தார். "தொடர்ச்சின்னு போட்டிருக்கான். விதிப்படி செல்லும்," என்றார். வடபழனி சார் இரண்டை அடித்து ஐந்தாக்கி, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

அன்று மதியம் நானும் வடபழனி சாரும் சாப்பாட்டு நேரத்தில் எழுந்திருக்கவில்லை. முந்தைய கட்டுகளில் 'எஸ் எழுந்து வரவில்லை' என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறோமா என்று அனுமதி வாங்கிப் பிரித்துப் பார்த்தோம். அவருடைய கட்டுகளில் இரண்டு பேர். என்னுடையதில் ஒருவர். மூன்று பேருக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தோம். உயிர்பெற்றது என்று எழுதியவர்களுக்கு ஏற்கெனவே போட்டதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது என்னைப் போல் ஒருத்தியாகத்தான் இருக்கும். முதன்மைத் தேர்வாளர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் பாடத்தைக் கையை நீட்டாமல் நடத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் பழைய மாணவிகள் வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். 'எஸ் எழுந்து வரவில்லை. நான் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். மாறியது ஆர். மன்னிக்கவும்.'

முதலில் நாலைந்து கும்பிடு வந்தது. இரண்டு பேர் ஆழ்ந்த அனுதாபங்கள் போட்டார்கள். தி.நகரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவள் மட்டும் தனியாக ஃபோன் செய்தாள்.

"மேடம், நல்லா இருக்கீங்களா? எஸ்ஸுங்கறது யாரு மேடம், நம்ம பேட்ச்சா?"

நான் அவளுக்கு முதல் எலியிலிருந்து தொடங்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள்.