கடைக்காரர் போனில் போட்ட ரீசார்ஜ்

நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டும் ஒச்சம்மா, ரீசார்ஜுக்குக் கடைக்கார முத்துகிருஷ்ணனிடம் காசு கொடுப்பாள். அவர் தன் போனிலிருந்து போட்டுவிடுவார். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். அவள் யாரையும் அழைப்பதில்லை. சண்டை போட்டுக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போன மகனுக்கு அந்த ஒரு எண்தான் தெரியும்.

ரீசார்ஜ் தீர்ந்து, எண் ரத்தாக ஐந்து நாளே இருந்தபோது 199 ரூபாய் கொடுத்தாள்.

"போட்டாச்சு, என் கணக்குல காசு கட்டாயிருச்சு, நீ போ," என்றார்.

அடுத்த வாரம் போனில் சிக்னலே இல்லை. கடைக்காரர் தன் போனிலிருந்து கம்பெனிக்குப் பேசினார். ரீசார்ஜ் வந்து சேரவில்லை, எண் ரத்தாகிவிட்டது என்றார்கள்.

"அப்ப காசு எங்கண்ணே போச்சு?"

அவர் பணம் செலுத்திய செயலியைத் திறந்தார். ரீசார்ஜ் தோல்வி, பணம் செலுத்திய கணக்குக்கே திருப்பப்பட்டது என்றிருந்தது. அதிலிருந்த யுடிஆர் என்ற பரிவர்த்தனை எண்ணைத் தன் வங்கிக் கணக்கில் தேடினார். மூன்றாம் நாளே வரவாகியிருந்தது.

"மெசேஜ் வந்துச்சும்மா. வேற ஏதோன்னு விட்டுட்டேன். இந்தா, உன் பைசா பூரா இருக்கு."

"என் நம்பருக்கு ஒரு போன் போடுங்கண்ணே."

போட்டார். அப்படி ஓர் எண் இல்லை என்று ஒரு பெண்குரல் இந்தியில் சொன்னது.

"அவன் கூப்பிட்டா அவனுக்கும் இதத்தான் சொல்லுமா?"

அவர் நோட்டுகளை மறுபடி எண்ணத் தொடங்கினார்.